ஆஃபர் லெட்டரைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் முதல் வேலைக் கடிதம் வந்ததும் கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அவற்றுக்கான பதில்கள் இங்கே. பதில்கள் அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு மாதிரிக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம்: சென்னையில் ஒரு தனியார் நிறுவனம், புதிதாகப் படித்து முடித்தவருக்கு ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் சி.டி.சி., ஆறு மாத ப்ரொபேஷன், அதன்பின் 90 நாள் நோட்டீஸ். உங்கள் கடிதத்தில் எண்கள் வேறாக இருக்கும், வரிசை ஏறக்குறைய இதுவாகவே இருக்கும்.

இவ்வளவு பக்கம் இருக்கே, எதை முதல்ல படிக்கணும்?

கடைசிப் பக்கத்தை. சம்பளப் பிரிப்பு அட்டவணை வழக்கமாக அங்கேதான், "அனெக்ஸர்" என்ற தலைப்பில் இருக்கும். முதல் பக்கத்தில் வாழ்த்தும், பதவியின் பெயரும், பெரிய எழுத்தில் சி.டி.சி.யும் இருக்கும். மாதம் கைக்கு என்ன வரும் என்பது அதில் தெரியாது.

அடுத்து, "முடிவு" அல்லது "பணி விலகல்" பற்றிப் பேசும் பத்தியைத் தேடுங்கள். ப்ரொபேஷன், நோட்டீஸ், பணம் திரும்பக் கட்டுவது மூன்றும் அங்கே ஒன்றாக இருக்கும். இந்த இரண்டு இடங்களையும் புரிந்துகொண்டால் கடிதத்தின் முக்கால் பங்கு புரிந்த மாதிரி. ரகசியக் காப்பு, நடத்தை விதிகள் போன்ற பக்கங்களை நிதானமாகப் பிறகு படிக்கலாம்.

4.2 லட்சத்தை 12-ஆல வகுத்தா 35,000 வருது. அப்ப மாசம் 35,000 கைக்கு வரும்ல?

வராது. சி.டி.சி. என்பது உங்கள் பிள்ளையை ஓராண்டு வேலைக்கு வைத்திருக்க நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. அதில் பாதிக்கு மேல் சம்பளம்தான், ஆனால் கைக்கு வராத தொகைகளும் சேர்ந்தே கூட்டப்பட்டிருக்கும். நம் மாதிரிக் கடிதத்தில் மாதக் கணக்கு இப்படி: பேசிக் 17,500, வீட்டு வாடகைப் படி 7,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 4,300. இந்த மூன்றும் சேர்ந்த 28,800-தான் மாதாமாதம் சம்பளச் சீட்டில் வரும் மொத்தச் சம்பளம், அதாவது "கிராஸ்".

மீதி 6,200 எங்கே போனது? நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு 1,800. கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது 841. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 559. ஆண்டு இறுதியில் தருவதாகச் சொல்லும் வேரியபிள் பே 3,000. இதெல்லாம் 35,000-க்குள் அடக்கம்.

அந்த 28,800-லிருந்தும் ஊழியரின் பி.எஃப். பங்கு 1,800 பிடிக்கப்படும். தொழில் வரியும் உண்டு. தமிழ்நாட்டில் அது அரையாண்டுக்கு ஒரு முறை உள்ளாட்சி அமைப்புக்குப் போகும். ஆறு மாத வருமானம் 75,000-க்கு மேல் இருந்தால் 1,250 ரூபாய், அதாவது மாதத்துக்குச் சுமார் 208. ஆக வங்கிக் கணக்கில் விழுவது ஏறத்தாழ 26,790. சில நிறுவனங்கள் தொழில் வரியை மாதாமாதம் பிரிக்காமல் ஒரே மாதத்தில் 1,250-ஐயும் பிடித்துவிடும். அந்த மாதம் சம்பளம் குறைந்ததே என்று பதற வேண்டாம். இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது. வாடகை, கடன் தவணை, ஊருக்கு அனுப்புவது எல்லாவற்றையும் 26,790-ஐ வைத்தே கணக்குப் போடுங்கள்.

பி.எஃப். ரெண்டு இடத்துல 1,800 இருக்கு. ரெண்டு தடவை பிடிக்கிறாங்களா?

ஒன்று ஊழியர் பங்கு, மற்றது நிறுவனத்தின் பங்கு. சட்டப்படி ஒவ்வொன்றும் 12 சதவீதம். கணக்கிடும் சம்பளத்துக்கு 15,000 என்று உச்சவரம்பு இருப்பதால், பல நிறுவனங்கள் பேசிக் அதற்கு மேல் இருந்தாலும் 15,000-க்கு மட்டும் 12 சதவீதம், அதாவது 1,800, கட்டுகின்றன. இரண்டுமே பிள்ளையின் பெயரில்தான் போய்ச் சேரும். சம்பளச் சீட்டில் பிடித்தமாகத் தெரிவது ஒரு பங்குதான். இன்னொன்று சி.டி.சி.யில் மட்டும் தெரியும்.

நிறுவனத்தின் பங்கையும் சி.டி.சி.க்குள் வைத்துக் காட்டுவது வழக்கம்தான், ஏமாற்று இல்லை. ஆனால் அட்டவணையில் ஊழியர் பங்கு, நிறுவனப் பங்கு இரண்டையுமே கிராஸிலிருந்து கழித்திருந்தால் மனிதவளத் துறையிடம் எழுதிக் கேளுங்கள். நிறுவனப் பங்கைச் சம்பளத்திலிருந்து பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. சி.டி.சி.யிலிருந்து கிராஸுக்கு வரும்போதே அது ஒரு முறை கழிந்துவிட்டது. கிராஸிலிருந்து மறுபடி கழித்தால் அதுதான் இரட்டைப் பிடித்தம்.

வேரியபிள் பே 36,000 கண்டிப்பா கிடைக்குமா?

கண்டிப்பு இல்லை. அந்தப் பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இத்தொகை தனிநபர் செயல்திறனையும் நிறுவனத்தின் லாபத்தையும் பொறுத்தது. வழங்கும் தேதியில் பணியில் இருப்பவர்களுக்கும், ராஜினாமா கொடுக்காதவர்களுக்கும் மட்டுமே வழங்கப்படும்." இதில் கடைசி வாக்கியம்தான் பலரையும் கடிக்கிறது. மார்ச் வரை உழைத்தவர் ஏப்ரலில் ராஜினாமா கொடுக்கிறார், போனஸ் மே மாதம் வருகிறது. ஓராண்டு உழைத்தும் அவருக்கு ஒன்றுமில்லை.

கேட்க வேண்டியது இரண்டு: போன ஆண்டு இதே நிலையில் இருந்தவர்களுக்குச் சராசரியாக எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், ப்ரொபேஷன் மாதங்களுக்கும் இது உண்டா. பதில் தெளிவாக வராவிட்டால் குடும்பக் கணக்கில் அதைப் பூஜ்யமாகவே வையுங்கள்.

பையன் நம்ம வீட்டுல இருந்துதான் போவான். வாடகைப் படியை நிறுத்திடுவாங்களா?

நிறுத்த மாட்டார்கள். வாடகைப் படி சம்பளத்தின் ஒரு பகுதி. வாடகை கட்டினாலும் கட்டாவிட்டாலும் 7,000 வரும். வாடகை ரசீது கேட்பது வருமான வரிச் சலுகைக்காக மட்டுமே, அதுவும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு. இந்தச் சம்பளத்துக்கு அந்தக் கவலையே இல்லை.

ஸ்பெஷல் அலவன்ஸும் அப்படித்தான், மாதாமாதம் வரும். ஆனால் "ரீஇம்பர்ஸ்மென்ட்" என்று தலைப்பிட்டு வருபவை வேறு வகை. தொலைபேசி, பெட்ரோல், புத்தகம் போன்றவற்றுக்குச் செலவு செய்து பில் கொடுத்தால்தான் பணம். பில் கொடுக்காத மாதம் பணம் இல்லை, அல்லது ஆண்டு இறுதியில் வரி பிடித்துக்கொண்டு தருவார்கள்.

நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் "5,000 வரை"னு இருக்கு. அதையும் சம்பளத்துல கூட்டலாமா?

கூட்டாதீர்கள். "வரை" என்று இருந்தால் அது உச்ச அளவு. இரவுப் பணி செய்த நாட்களுக்கு மட்டும் நாள் கணக்கில் தருவார்கள், விடுப்பு எடுத்த இரவுக்குக் கிடையாது. பகல் ஷிஃப்டுக்கு மாற்றினால் நின்றுபோகும். ஒரு இரவுக்கு எவ்வளவு, போக்குவரத்து தனியாக உண்டா என்று கேட்டு வையுங்கள்.

ஆறு மாச ப்ரொபேஷன்னா வேலை நிரந்தரம் இல்லைன்னு அர்த்தமா?

முதல் நாளிலிருந்தே ஊழியர்தான். சம்பளம், பி.எஃப். எல்லாம் அன்றே தொடங்கும். இந்த ஆறு மாதத்தில் இரு தரப்பும் எளிதாக விலகிக்கொள்ளலாம் என்பதே வித்தியாசம். மாதிரிக் கடிதத்தில் அது இப்படி இருக்கிறது: "ப்ரொபேஷன் காலத்தில் ஊழியர் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து விலகலாம். நிறுவனம் 15 நாள் நோட்டீஸோ அதற்கீடான சம்பளமோ கொடுத்து விடுவிக்கலாம்."

சில சலுகைகள் ப்ரொபேஷன் முடிந்த பிறகே வரும்: சம்பாதித்த விடுப்பை எடுப்பது, வீட்டிலிருந்து வேலை, வேரியபிள் பே, சில இடங்களில் சம்பள உயர்வு. முதல் ஆறு மாதத்துக்குள் வீட்டில் கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று நீண்ட விடுப்பு தேவைப்படும் என்றால், சேருவதற்கு முன்பே சொல்லி, மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிவிடுவது நல்லது. சேர்ந்த பிறகு கேட்டால் அது சம்பளமில்லா விடுப்பாகவும், ப்ரொபேஷனை நீட்டிக்கக் காரணமாகவும் ஆகலாம்.

ஆறு மாசம் முடிஞ்சிருச்சு, கன்ஃபர்மேஷன் லெட்டர் ஒண்ணும் வரல. தானா பர்மனென்ட் ஆயிடுமா?

கடிதத்தின் வாசகத்தைப் பாருங்கள். "எழுத்து மூலம் உறுதி செய்யப்படும் வரை ப்ரொபேஷன் தொடரும்" என்று இருந்தால், கடிதம் வராதவரை ப்ரொபேஷன்தான். "ஆறு மாதம் முடிந்ததும் உறுதி செய்யப்பட்டதாகக் கருதப்படும்" என்று இருந்தால் தானாகவே முடிந்துவிடும். முதல் வகைதான் அதிகம் காணக் கிடைக்கிறது.

ஆறாவது மாதம் முடிய பத்து நாள் இருக்கும்போதே மேலாளருக்கும் மனிதவளத் துறைக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் போதும்: "என் ப்ரொபேஷன் இந்தத் தேதியில் முடிகிறது, உறுதிக் கடிதம் எப்போது கிடைக்கும்?" நீட்டிப்பதாகச் சொன்னால் எத்தனை மாதம், எந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நீட்டிப்புக்கு உச்ச அளவு கடிதத்தில் இல்லாவிட்டால், கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்பது நியாயமான கேள்விதான்.

நோட்டீஸ் 90 நாள்னு இருக்கே. நாங்க வேலையை விடணும்னாலும் மூணு மாசம் காத்திருக்கணுமா?

ஆமாம், ப்ரொபேஷன் முடிந்த பிறகு. ராஜினாமா கொடுத்த நாளிலிருந்து விடுமுறை நாட்களும் சேர்த்து 90 நாள். ஜூன் 1-ல் மின்னஞ்சல் அனுப்பி மறுநாளிலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 30 கடைசி நாள். அந்தத் தேதியை ராஜினாமா மின்னஞ்சலிலேயே குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் "நாங்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் கணக்கு" என்று இரண்டு வாரம் தள்ளிப் போகும். நோட்டீஸ் காலத்தில் எடுக்கும் விடுப்புக்கு ஈடாக நாள் கூட்டும் நிறுவனங்களும் உண்டு. கடிதத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறுவனம் நீக்கும்போதும் அதே 90 நாள் என்று எண்ணிவிடாதீர்கள். நம் மாதிரிக் கடிதத்தில் நிறுவனத்துக்கு 30 நாள்தான். இரு தரப்புக்கும் ஒரே அளவு இருக்கட்டும் என்று கேட்கலாம். புதிதாகச் சேர்பவருக்காக மாற்ற மாட்டார்கள், அனுபவசாலிகளுக்குச் சில நேரம் மாற்றித் தருவார்கள்.

புது கம்பெனி ஒரு மாசத்துல வரச் சொல்றாங்க. மீதி நாளுக்குப் பணம் கட்டிட்டுப் போயிடலாமா?

கட்டலாமா என்பதே முதல் கேள்வி. "நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டு" என்று கடிதத்தில் இருந்தால், பணம் கட்டத் தயாராக இருந்தாலும் அவர்கள் மறுக்கலாம். "ஊழியர் நோட்டீஸ் கொடுக்கலாம் அல்லது அதற்கீடான சம்பளத்தைச் செலுத்தலாம்" என்று இருந்தால் தேர்வு உங்கள் கையில்.

அடுத்து, எந்தச் சம்பளம்? 90-ல் 30 நாள் வேலை செய்து 60 நாள் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். கிராஸ் கணக்கில் நாளுக்கு 960, ஆக 57,600 ரூபாய். பேசிக் கணக்கில் 35,000 மட்டும். ஒரே ஒரு சொல்லால் 22,600 ரூபாய் வித்தியாசம். அது சொல்லப்படவே இல்லையென்றால், கையெழுத்துக்கு முன் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். மீதமிருக்கும் விடுப்பு நாட்களை இதில் கழித்துக்கொள்ள விடுவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். புது நிறுவனம் இந்தத் தொகையைத் தருவதாகச் சொன்னால் அது அவர்களுடைய ஆஃபர் லெட்டரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கம்பெனியே திடீர்னு வேணாம்னு சொல்லிட்டா?

ப்ரொபேஷனில் என்றால் கடிதத்தில் சொன்ன 15 நாள். அதன் பிறகு கடிதம் மட்டும் பேசாது, சட்டமும் பேசும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 41-ஆம் பிரிவுப்படி, தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், குறைந்தது ஒரு மாத நோட்டீஸோ அதற்கீடான சம்பளமோ இல்லாமலும் நீக்க முடியாது. விசாரணையில் நிரூபிக்கப்பட்ட ஒழுங்கீனத்துக்கு மட்டும் நோட்டீஸ் தேவையில்லை. நிர்வாகப் பொறுப்பில் உள்ள பதவிகளுக்கு இது பொருந்தாது. தொழிற்சாலைகளுக்கு வேறு சட்டம்.

நடைமுறையில் பெரும்பாலும் "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், நல்ல பெயரோடு போகலாம்" என்றுதான் சொல்வார்கள். அறைக்குள் உட்கார வைத்து அன்றே கேட்டால், எழுதாமல் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். ராஜினாமா கொடுத்துவிட்டால் நீக்கப்பட்டதற்கான உரிமைகளைக் கேட்பது கடினமாகிவிடும். நோட்டீஸ் பணமும் அதோடு பேச்சுவார்த்தைக்குப் போய்விடும்.

ரெண்டு வருஷ பாண்ட், விட்டுப் போனா 2 லட்சம்னு தனியா ஒரு பத்திரம். அப்பாவும் கையெழுத்துப் போடணுமாம். போடலாமா?

இங்கேதான் குடும்பம் கூடுதல் நிதானம் காட்ட வேண்டும். பாண்ட் எழுதினாலே செல்லாது என்று சொல்லிக்கொண்டு திரிவது தவறு. ஒரு பொதுத்துறை வங்கி அதிகாரி மூன்றாண்டு முடியும் முன் விலகியதற்கு 2 லட்சம் கட்டும் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்றது. அதே சமயம் பத்திரத்தில் போட்ட தொகை அப்படியே கிடைத்துவிடும் என்றும் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி அந்தத் தொகை உச்ச வரம்பு, அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். நிறுவனம் உண்மையில் என்ன பயிற்சி கொடுத்தது, எவ்வளவு செலவு செய்தது என்பதைப் பார்ப்பார்கள். மாதம் கூடக்கூடத் தொகை குறையும்படி எழுதியிருந்தால் அது ஓரளவு நியாயமான பத்திரம். இருபத்து மூன்றாவது மாதத்தில் போனாலும் முழு 2 லட்சம் என்றிருந்தால் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்பா கையெழுத்துப் போடுவது சாட்சியாகவா, ஜாமீன்தாரராகவா என்று பாருங்கள். சாட்சி என்றால் பொறுப்பில்லை. ஜாமீன்தாரர் என்றால் பிள்ளை கட்டாத பணத்தை அப்பாவிடம் நேராகவே கேட்கலாம், பிள்ளையிடம் முதலில் கேட்டுத் தோற்றிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. தொகை எழுதாத காசோலையும், அசல் பட்டச் சான்றிதழ்களும் எந்த நிலையிலும் கொடுக்காதீர்கள். சரிபார்க்க அசலைக் காட்டலாம், அன்றே திரும்ப வாங்க வேண்டும்.

கிராஜுவிட்டி 841 மாசாமாசம் கழிக்கிறாங்களே, ரெண்டு வருஷத்துல விட்டா அந்தப் பணம் வருமா?

பொதுவாக வராது. தொடர்ந்து ஐந்தாண்டு பணி முடித்தால்தான் உரிமை. குறித்த காலத்துக்கு மட்டும் என்று ஒப்பந்தம் போட்டு எடுக்கப்பட்டவர்களுக்கு, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, ஓராண்டே போதும். கடிதத்தில் ஒப்பந்த முடிவுத் தேதி இருந்தால் நீங்கள் அந்த வகை. ஐந்தாண்டு இருந்தால் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்து: பேசிக் 17,500-க்கு ஆண்டுக்குச் சுமார் 10,096. ப்ரொபேஷன் மாதங்களும் இந்தக் கணக்கில் சேரும்.

மெடிக்கல் இன்சூரன்ஸ்ல அம்மா அப்பா வருவாங்களா?

கடிதத்தில் "ஊழியர், துணை, இரு குழந்தைகள்" என்று மட்டும் இருந்தால் வர மாட்டார்கள். கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கப் பல இடங்களில் வழியுண்டு, ஆனால் சேர்ந்த முதல் சில வாரங்களுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த ஆண்டு பாலிசி புதுப்பிக்கும்போதுதான். சேர்ந்த வாரமே பெற்றோரின் ஆதாரில் உள்ள பிறந்த தேதியோடு கேட்டுவிடுங்கள்.

கையெழுத்துப் போட்டாச்சு, சேரும் முன்னாடி நல்ல வேலை ஒண்ணு கிடைச்சா?

பெரும்பாலான கடிதங்களில் நோட்டீஸ் நிபந்தனை சேர்ந்த நாளிலிருந்துதான் தொடங்கும். ஆகவே ஒரு மின்னஞ்சலில் மறுத்துவிடலாம். இதற்கும் பணம் கட்ட வேண்டும் என்று பாண்டில் வரி இருக்கிறதா, ஜாயினிங் போனஸ் முன்கூட்டியே வாங்கியாயிற்றா என்று மட்டும் பாருங்கள். வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டும். சொல்லாமல் இருந்துவிடுவதுதான் மோசம், அதே நிறுவனத்துக்குப் பிறகு விண்ணப்பிக்கும்போது பெயர் பதிவில் இருக்கும்.

நோட்டீஸ் முடிக்காம வந்துட்டோம். ரிலீவிங் லெட்டர் தர மாட்டேங்கறாங்க, பி.எஃப்.பும் மாட்டிக்குமா?

ரிலீவிங் லெட்டரை வைத்துத்தான் அடுத்த நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்பு செய்யும், ஆகவே மேலே சொன்ன நோட்டீஸ் கணக்கை வைத்துப் பேசி முடிப்பதே சீக்கிரம் நடக்கும். எவ்வளவு பாக்கி என்று கணக்கை எழுத்தில் கேளுங்கள், கட்டியதற்கு ரசீது வாங்குங்கள். வேலை செய்த நாட்களின் சம்பளம் தனி விஷயம். விலகியவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. பல நிறுவனங்கள் இன்னும் 30, 45 நாள் என்ற பழைய வழக்கத்திலேயே இருக்கின்றன.

பி.எஃப். பணத்தை நிறுவனம் நிறுத்தி வைக்க முடியாது. நோட்டீஸ் பாக்கிக்கு அதில் கழிக்கவும் முடியாது. சிக்கல் பெரும்பாலும் விலகிய தேதியை அவர்கள் பதிவு செய்யாமல் விடுவதில்தான் வரும். கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழிந்த பிறகு, பி.எஃப். உறுப்பினர் தளத்தில் `Manage` பட்டியலில் உள்ள `Mark Exit` வழியாக அந்தத் தேதியை ஊழியரே பதியலாம். ஆதாரோடு இணைத்த கைப்பேசிக்கு ஒரு குறியீடு வரும், அதை உள்ளிட்டால் பதிவாகும். ஒருமுறை பதிந்த தேதியை மாற்றுவது பெரும்பாடு என்பதால், கடைசிப் பங்களிப்பு எந்த மாதத்துக்கு வந்திருக்கிறது என்று பாஸ்புக்கில் பார்த்துவிட்டு அந்த மாதத்துக்குள் வரும் தேதியைப் போடுங்கள்.